எக்ஸ்ட்ரா வேலைக்குக் கணக்கு சொல்வது

தமிழ்நாட்டில் தனி வீடு கட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் போடப்படுகிறது. கட்டடத்தின் பரப்பு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு என்று முதல் பக்கத்தில் இருக்கும். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்பது அடுத்த பக்கங்களில் வரும்: அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், செங்கல் எது, கம்பியும் சிமெண்டும் எந்த பிராண்டு, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை, ஒரு அறைக்கு எத்தனை மின் பாயிண்ட். வேலை தொடங்கிய பிறகு வீட்டுக்காரர் கேட்கும் ஒன்று இந்தப் பக்கங்களுக்குள் இல்லையென்றால் அது எக்ஸ்ட்ரா. அதற்குத் தனியாகப் பணம் ஆகும் என்பதைக் கட்டுமானப் பொறியாளரோ காண்ட்ராக்டரோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதாலும், சொல்லும் நேரம் தவறுவதாலும்தான் வீட்டு வேலைகளில் பெரும்பாலான கடைசி பில் சண்டைகள் வருகின்றன.

சதுர அடி ஒப்பந்தத்துக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. மொத்தத் தொகையைப் பரப்பால் வகுத்துச் சொல்வதால், வீட்டுக்காரரின் மனதில் அந்த விலை முழு வீட்டுக்கும் ஆனதாகப் பதிந்துவிடுகிறது. காண்ட்ராக்டரோ வரைபடத்தில் உள்ள கட்டடத்துக்கு மட்டும் அந்த விலையைப் போட்டிருப்பார். தரைக்கடியில் வரும் தண்ணீர்த் தொட்டியான சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், மின் இணைப்புக்கான கட்டணம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் வெளியே நிற்கும். சிலவற்றில் சம்ப் மட்டும் உள்ளே வரும். இரண்டு பேரும் நேர்மையாகவே இரண்டு வெவ்வேறு வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். எனவே எக்ஸ்ட்ரா என்று சொல்வதற்கு முன் காண்ட்ராக்டர் செய்ய வேண்டியது, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கங்களை எடுத்து மறுபடி படித்துப் பார்ப்பது. நினைவிலிருந்து சொன்னால் பாதி நேரம் தவறும். ‘இது நம்ம பேச்சுல இல்லியே சார்’ என்று சொல்லிவிட்டு, பிறகு மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருப்பதை வீட்டுக்காரரின் மகன் காட்டினால், அதற்குப் பின் அந்த சைட்டில் காண்ட்ராக்டர் சொல்லும் எந்தக் கணக்கும் எடுபடாது.

கேட்கப்படும் வேலைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வரைபடத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கேட்பது ஒன்று. மொட்டைமாடியில் துணி துவைக்கும் கல்லும் அதற்கு ஒரு குழாயும் வேண்டும் என்பது போல. இதற்குக் கணக்கு எளிது, வாக்குவாதமும் குறைவு. ஒப்பந்தத்தில் உள்ளதையே உயர்த்திக் கேட்பது இன்னொன்று. சதுர அடிக்கு 50 ரூபாய் டைல்ஸ் என்று எழுதியிருக்க, கடைக்குப் போனபோது 85 ரூபாய் டைல்ஸ் பிடித்துப் போவது இதற்கு வழக்கமான உதாரணம். இங்கே வித்தியாசமான 35 ரூபாயை மட்டும் கேட்க வேண்டும். டைல்ஸின் அளவு பெரிதாகி ஒட்டும் கூலியும் மாறினால், அந்தக் கூலி வித்தியாசத்தைத் தனி வரியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வகைதான் கடினமானது: ஏற்கெனவே கட்டி முடித்ததை மாற்றச் சொல்வது. இதில் வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியும் வேலை சிறியது, தெரியாமல் பின்னால் வரும் வேலை பெரியது. காண்ட்ராக்டர் வாயைத் திறந்து விளக்காவிட்டால் அவர் கேட்கும் தொகை கொள்ளையாகத்தான் தோன்றும்.

ஒரு சைட்டை வைத்துப் பார்க்கலாம். தரைத்தளம் மட்டும் உள்ள, 1,200 சதுர அடி வீடு. சுவர்கள் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னல், கதவுகளுக்கு மேல் கான்கிரீட் பட்டி வரும் ஏழடி உயரத்துக்கு எழும்பிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வந்த வீட்டுக்காரர், ஹாலின் நடுவில் நின்று பார்த்துவிட்டு, ‘ஹால் சின்னதாத் தெரியுதே, இந்தச் சுவத்த ரெண்டடி உள்ள தள்ளிரலாமா?’ என்கிறார். அவர் காட்டுவது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள, 12 அடி நீள ஒன்பதங்குலச் சுவர். கட்டடம் உயரும்போது அறைகள் சிறிதாகத் தெரிவது இயல்பு. பூச்சும் தரையும் முடிந்து சாமான்கள் வந்த பிறகுதான் சரியான அளவு கண்ணுக்குப் படும். நல்ல பொறியாளர் முதலில் இதைச் சொல்லி, அதே அளவுள்ள முடிந்த ஹால் ஒன்றை வேறு வீட்டில் காட்ட முன்வருவார். எக்ஸ்ட்ராக்களில் பாதி அங்கேயே கரைந்துவிடும். கேட்டதையெல்லாம் எக்ஸ்ட்ராவாக்கிப் பணம் பார்ப்பவர்கள் இதைச் செய்வதில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள இதுவே போதும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், காண்ட்ராக்டர் அந்த இடத்தில் தொகை எதுவும் சொல்லக் கூடாது. ‘முடியும், ஆனா செலவு இருக்கு, நாளைக்குக் கணக்குப் போட்டுத் தரேன், அதுவரைக்கும் அந்தச் சுவத்துல கை வைக்க மாட்டோம்’ என்பதே முதல் பதில். இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன: வேலை சாத்தியம், அது இலவசம் அல்ல, முடிவாகும்வரை வேலை நிற்கும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொத்தனார்கள் சைட்டில் நிற்கும்போது ஒருநாள் சுவரை விட்டுவிட்டு வேறு சுவரைக் கட்டச் சொல்வது தொல்லையாகத் தெரியும். அதனால் ‘இடிங்கப்பா, பேசிக்கலாம்’ என்று தொடங்கிவிடுவார்கள். சுவர் இடிந்த பிறகு சொல்லும் தொகைக்கு வீட்டுக்காரரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத நிலையில் வைக்கப்பட்டவர் பணத்தைக் கொடுத்தாலும் மனதாரக் கொடுக்க மாட்டார். பெரும்பாலும் அடுத்த தவணையில் பிடித்துக்கொள்வார்.

இரவு உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இதுதான். இங்கே வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். இடிக்க வேண்டிய சுவர் 12 அடி நீளம், 7 அடி உயரம், முக்கால் அடி கனம்: 63 கன அடி. அதே அளவு சுவரை இரண்டடி தள்ளிக் கட்ட வேண்டும். செங்கல், கலவை, கூலி சேர்த்துக் கன அடிக்கு 280 ரூபாய் என்று கொண்டால் 17,640 ரூபாய். லிண்டலுக்கு மேல் வரவேண்டிய மூன்றடிச் சுவர் இன்னும் கட்டப்படவில்லை. அது பழைய இடத்திலும் கட்டியிருக்க வேண்டியதுதான், ஆகவே அதற்குப் பணம் கேட்கக் கூடாது. முழு உயரத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் காண்ட்ராக்டர்கள் உண்டு. தெரியாமல் செய்தாலும் தெரிந்து செய்தாலும் அது அதிகப் பணம்தான். இடிக்கவும் குவியலை அப்புறப்படுத்தவும் நான்கு ஆள் கூலி, ஆளுக்கு 900 வீதம் 3,600 ரூபாய். இடிபாட்டை ஏற்றிச் செல்ல ஒரு டிராக்டர் லோடுக்கு 1,500 ரூபாய்.

வீட்டுக்காரருக்குத் தெரியாத பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. ஒன்பதங்குலச் சுவர் வெறும் தரைமேல் நிற்காது. பேஸ்மட்டத்தில் அந்தச் சுவருக்கு நேர் கீழே பீம் ஓடுகிறது. சுவரை இரண்டடி தள்ளினால் புதிய இடத்துக்குக் கீழே அது இல்லை. அதனால் இருபுறச் சுவர்களின் பீம்களோடு இணையும்படி 12 அடிக்குப் புதிய பீம் ஒன்று போட வேண்டும். முக்கால் அடி அகலம், ஓரடி ஆழம் என்றால் 9 கன அடி கான்கிரீட். கம்பியும் பலகையும் சேர்த்துக் கன அடிக்கு 450 வீதம் 4,050 ரூபாய். நிரப்பிய மண்ணைத் தோண்டி, அடியில் கலவை போட்டு, மறுபடி மூடி இடித்துக் கெட்டிப்படுத்த 2,500 ரூபாய். மேலேயும் ஒரு விஷயம் இருக்கிறது. கூரை கான்கிரீட்டின் கம்பி அமைப்பு, அடியில் எங்கெங்கே சுவர் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. சுவர் நகர்ந்தால் ஹால் பக்கம் தாங்கலில்லாத தூரம் இரண்டடி கூடுகிறது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து வரைபடத்தை மாற்றித் தர வேண்டும். அவர் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கூரைக் கம்பி கூடுமா என்பது அவர் சொன்ன பிறகே தெரியும். எனவே அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல், ‘கம்பி கூடினால் கிலோ கணக்கில் தனி’ என்று எழுதிவிட வேண்டும்.

இதுவரை கூட்டினால் 32,290 ரூபாய். இதிலிருந்து கழிக்க வேண்டியதும் உண்டு. ஒரு கன அடிச் சுவரில் ஏறத்தாழ 13 முதல் 14 செங்கல் இருக்கும். 63 கன அடிக்கு சுமார் 850. சிமெண்டுக் கலவையில் கட்டியதை இடித்தால் பாதிகூட முழுசாக வராது. 400 கல் தேறும், அதைக் கொத்திச் சுத்தம் செய்யும் கூலி போகக் கல்லுக்கு 6 ரூபாய் மிச்சம் என்றால் 2,400 ரூபாய். அதைக் கழித்தால் 29,890 ரூபாய். அதன்மேல் மேற்பார்வைக்கும் லாபத்துக்கும் 10 சதவீதம், 2,989 ரூபாய். ஆக 32,879, சில்லறையை விட்டால் 32,850 ரூபாய். கழித்த வரியை வீட்டுக்காரர் கேட்காமலே காட்டுவது முக்கியம். கூட்டல் மட்டும் உள்ள கணக்கைப் பார்த்ததும் யாரும் பேரம் பேசத்தான் தொடங்குவார்கள். கழித்தலும் இருந்தால் ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள். ஒப்பந்தக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரென்றால் வரி இதில் சேர்ந்ததா தனியா என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூல ஒப்பந்தம் வரி உட்பட என்றிருக்க, எக்ஸ்ட்ரா பில் மட்டும் வரி தனி என்று வந்தால் அது புதிய சண்டைக்கு வழி.

பணத்தோடு நாளும் சொல்லப்பட வேண்டும். இடிப்பு, பீம், பீம் இறுகும் காலம், மறுகட்டு எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒரு வாரம் தள்ளும். சென்ட்ரிங் ஆட்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்து, அந்தத் தேதி தவறினால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்ப வர இன்னும் பத்து நாளாகலாம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டுக்காரருக்கு 32,850 ரூபாயைவிட இந்தப் பதினைந்து நாள்தான் பெரிய செய்தி. பணத்தை மட்டும் சொல்லி நாளைச் சொல்லாமல் விட்டால், தாமதத்துக்கான பழி பிறகு காண்ட்ராக்டர் தலையில் விழும்.

சொல்லும் விதம் இரண்டு கட்டமாக இருப்பது நல்லது. முதலில் நேரில், சைட்டில், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு. புதிய பீம் எங்கே வரும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் பத்து நிமிடப் பேச்சு மிச்சம். பிறகு, அன்றைக்கே எழுத்தில். எழுத்து என்றால் முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் செய்தி போதும். ஆனால் அதற்கு வீட்டுக்காரரின் தெளிவான பதில் வர வேண்டும். நீல நிற டிக் சம்மதம் ஆகாது. செய்தி இப்படி இருக்கலாம்:

‘வணக்கம் சார். ஞாயிறு அன்று சைட்டில் நீங்கள் கேட்டபடி, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள 12 அடிச் சுவரைப் படுக்கையறைப் பக்கம் 2 அடி தள்ளிக் கட்ட வேண்டும். இது நம் ஒப்பந்த வரைபடத்தில் இல்லாத மாற்றம். இதற்குக் கூடுதல் செலவு 32,850 ரூபாய், வரி உட்பட; விவரம் இணைத்திருக்கிறேன். கூரைக் கம்பி கூடினால் மட்டும் அது தனி. வேலை முடியும் தேதி சுமார் 15 நாள் தள்ளிப்போகும். வேண்டும் என்றால் செவ்வாய் மாலைக்குள் சரி என்று பதில் போடுங்கள். பாதித் தொகை வந்ததும் தொடங்குவோம். வேண்டாம் என்றால் இப்போதுள்ள இடத்திலேயே புதன்கிழமை முதல் சுவர் வேலை தொடரும்.’

இந்தச் செய்தியில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. கேட்டது யார், எப்போது, எங்கே என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து யாரும் ‘நான் எப்ப கேட்டேன்?’ என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு வழி திறந்திருக்கிறது, அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிகிறது. பதிலுக்கு ஒரு கெடு வைத்திருப்பது அவசரப்படுத்துவதற்காக அல்ல. முடிவு தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் ஆட்கள் சும்மா இருக்க வேண்டியிருக்கும் என்பதால்.

இதற்கு நேர்மாறாக, சைட்டுகளில் அன்றாடம் கேட்கும் சில வார்த்தைகள் உண்டு. ‘கொஞ்சம் கூட ஆகும் சார்’ என்பது அதில் முதலாவது. வீட்டுக்காரர் மனதில் கொஞ்சம் என்பது ஐயாயிரம். காண்ட்ராக்டர் மனதில் நாற்பதாயிரம். ‘ஆகறதப் பாத்துக் குடுங்க’ என்பது இன்னும் மோசம். மரியாதையாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லப்படும் இந்த வாக்கியத்துக்கு வீட்டுக்காரர் தன் விருப்பப்படி விலை போட்டுக்கொள்வார், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ‘கடைசியில மொத்தமாப் பேசிக்கலாம்’ என்பதை இரண்டு பேருமே விரும்பிச் சொல்கிறார்கள். ஏனென்றால் அந்த நிமிடத்தின் சங்கடம் அதோடு தள்ளிப்போகிறது. கடைசியில் எக்ஸ்ட்ரா பட்டியல் இரண்டு பக்கத்துக்கு வரும்; அதற்குள் பல வேலைகள் பூச்சுக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்திருக்கும், அளந்து பார்க்கவும் முடியாது.

மறைந்துபோகும் வேலைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மண்ணுக்கடியில் போன பீம், சுவருக்குள் போன மின் குழாய், கூரைக்குள் போன கம்பி ஆகியவற்றை மூடுவதற்கு முன் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவது, அனுபவமுள்ள காண்ட்ராக்டர்களின் பழக்கம்.

கணக்கு எப்போதும் காண்ட்ராக்டருக்குச் சாதகமாகவே அமையாது என்பதற்குச் சம்ப் நல்ல உதாரணம். ஒப்பந்தத்தில் 6,000 லிட்டர் சம்ப் இருக்கிறது; வீட்டுக்காரர் 10,000 லிட்டர் கேட்கிறார். கொள்ளளவு மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது, ஆகவே செலவும் அதே அளவு கூடும் என்று சொல்வது எளிது, சரியல்ல. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். உள்ளளவு 6 அடிக்கு 6 அடி, ஆழம் 6 அடி என்றால் 216 கன அடி, ஆறாயிரத்துச் சொச்சம் லிட்டர். 8 அடிக்கு ஏழரை அடி, அதே ஆழம் என்றால் 360 கன அடி, பத்தாயிரத்தைத் தாண்டும். ஆனால் சுவரின் சுற்றளவு 24 அடியிலிருந்து 31 அடியாகத்தான் ஆகிறது. சுவர் வேலை கூடுவது 29 சதவீதம் மட்டுமே. மூடியும் அடித்தளமும் தோண்டும் மண்ணும்தான் அதிகமாகக் கூடுகின்றன. எனவே ஒவ்வொன்றின் வித்தியாசத்தையும் தனித்தனியாகப் போட்டால், மொத்தம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாகவே வரும். ஒப்பந்தத்தில் லிட்டருக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே விலை எழுதியிருந்தால் கதை வேறு. அந்த விலையில் 4,000 லிட்டருக்குப் பெருக்கிச் சொல்வதே முறை, இரண்டு பேருமே அதற்குக் கட்டுப்பட்டவர்கள். புதிய வேலைக்கு விலை போடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் அதே வேலைக்கு விலை இருக்கிறதா என்பதைத்தான். பொதுப்பணித் துறை போன்ற அரசு வேலைகளிலும் இந்த வரிசைதான் பின்பற்றப்படுகிறது.

எக்ஸ்ட்ராவைக் கேட்பவர் யார் என்பதும் அடிக்கடி குழப்பம் தரும். பணம் கொடுப்பவர் வெளிநாட்டில் இருப்பார். சைட்டைப் பார்ப்பவர் அவருடைய மாமனார். மாமனார் கொத்தனாரிடம் நேரடியாக, ‘தம்பி, சமையலறையில இன்னொரு லாஃப்ட் போட்டுரு’ என்பார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று கொத்தனாரும் பலகை அடித்துவிடுவார். கான்கிரீட் போட்ட பிறகுதான் காண்ட்ராக்டருக்கே தெரியும். இதைத் தடுக்க வழி ஒன்றுதான்: மாற்றங்களை யார் சொன்னால் செல்லும் என்று வேலை தொடங்கும்போதே ஒருவர் பெயரை எழுதிவிடுவது, மற்றவர்கள் சொன்னால் ‘அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா, உடனே செஞ்சிரலாம்’ என்று பணிவாகச் சொல்லும்படி கொத்தனாருக்கும் சொல்லி வைப்பது. பெரியவரை மறுத்துப் பேசும் தர்மசங்கடம் அப்போது கொத்தனாருக்கு இல்லை.

தொகையைக் கேட்டதும் வரும் பதில்களில் ஒன்று ஏறக்குறைய எல்லா சைட்டிலும் வரும்: ‘இவ்ளோ பெரிய வேலையே உங்களுக்குக் குடுத்திருக்கேன், இதுக்குப் போயி காசு கேக்கறீங்களே?’ இதற்கு வாதாடிப் பயனில்லை. பெரிய வேலையில் கிடைக்கும் லாபம் எவ்வளவு குறைவு என்று விளக்கத் தொடங்கினால் பேச்சு லாபத்தைப் பற்றியதாக மாறிவிடும். ‘கூலியும் சாமானும் வெளிய இருந்து வாங்கறது சார், அதுக்கு மட்டுந்தான் இந்தக் கணக்கு, எந்த வரி அதிகம்னு சொல்லுங்க, பாத்துக்கலாம்’ என்று தாளுக்குத் திரும்புவதே நல்லது. குறைக்க வேண்டியிருந்தால் வேலையைக் குறைத்துத் தொகையைக் குறைக்கலாம்: ஒன்பதங்குலத்துக்குப் பதில் நாலரை அங்குலச் சுவர் போதுமா என்று பொறியாளரிடம் கேட்கலாம்; அது கூரையைத் தாங்காத தடுப்புச் சுவர் என்றால் செலவு நன்றாகவே இறங்கும். அதே வேலைக்குப் பத்தாயிரம் குறைத்துக்கொள்வது வேறு விஷயம். முதல் கணக்கில் பத்தாயிரம் சும்மா ஏற்றியிருந்தார் என்றுதான் அது காட்டும்.

சின்ன வேலைகளைக் காண்ட்ராக்டர் இலவசமாகச் செய்து கொடுப்பதும் உண்டு, அதில் தவறும் இல்லை. குளியலறையில் கூடுதலாக ஒரு குழாய், சாமி மாடத்துக்கு ஒரு சின்னப் பலகைக்கல். இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதி நீட்டினால் உறவு கெடும். ஆனால் இலவசம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்: ‘கூடுதல் குழாய் ஒன்று, மதிப்பு 1,800 ரூபாய், கட்டணம் இல்லை.’ எழுதாமல் செய்த நான்கு இலவசங்களுக்குப் பிறகு, ஐந்தாவதாக நாற்பதாயிரம் ரூபாய் வேலையைக் கேட்கும் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் அறிந்தவரை, கேட்டால் செய்து கொடுப்பதுதான் அந்த சைட்டின் வழக்கம்.

எக்ஸ்ட்ராவுக்கான பணத்தை வீட்டின் தவணைகளோடு சேர்க்காமல் வைப்பது அவசியம். அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும் தவணைகள் அந்தந்தக் கட்ட வேலைக்கானவை. வங்கிக் கடனில் கட்டுபவருக்கு வங்கியும் அப்படித்தான் பணம் விடுவிக்கும், எக்ஸ்ட்ராவுக்கு வங்கி தராது. அதை வீட்டுக்காரர் கையிலிருந்து போட வேண்டும். கூரைத் தவணை வந்ததும் அதிலிருந்து சுவர் மாற்றிய செலவை எடுத்துக்கொண்டால், கூரைக்குக் கம்பி வாங்கப் பணம் குறையும். வேலை நின்றால் காரணம் யாருக்கும் விளங்காது. பாதி முன்பணம், முடிந்ததும் மீதி என்று எக்ஸ்ட்ராவுக்குத் தனி ரசீதாகப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

சொல்லாமலே வேலை நடந்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இதற்கு ஓரளவு இடம் தருகிறது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி ஒரு வேலையை இன்னொருவருக்குச் செய்து, அந்த இன்னொருவர் அதன் பயனை அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த புகழ்பெற்ற வழக்கில், அதிகாரிகள் கேட்டதால் முறையான ஒப்பந்தம் இல்லாமலே கட்டிக் கொடுத்த கட்டுமானங்களுக்கு, இந்தப் பிரிவின் கீழ் காண்ட்ராக்டருக்குப் பணம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1962-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த அந்தத் தீர்ப்பு ஒரு நிபந்தனையையும் தெளிவாக்கியது: பயனை ஏற்கவோ மறுக்கவோ எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். விரும்பாதவர் மீது வேலையைத் திணித்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. கிடைக்கும் தொகையும் காண்ட்ராக்டர் கேட்கும் விலை அல்ல, நீதிமன்றம் நியாயம் என்று கருதும் ஈடு. அந்த வேலையைப் பற்றி ஒப்பந்தத்திலேயே விதி இருந்தால், உதாரணமாக ‘எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாத மாற்றத்துக்குப் பணம் இல்லை’ என்று இருந்தால், 70-ஆவது பிரிவைப் பிடித்துக்கொள்வது கடினம்.

பெரிய கட்டுமானங்களில் இன்னும் கறார். பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தின்படி, கூடுதல் பணம் கோர வேண்டிய காரணம் தெரிந்த 28 நாளுக்குள் காண்ட்ராக்டர் அறிவிப்புத் தர வேண்டும். தவறினால் அந்தக் கோரிக்கையே போய்விடும். வீட்டு ஒப்பந்தங்களில் இப்படிக் கெடு எழுதுவது அரிது. ஆனால் கெடு இல்லாததால் காலவரையே இல்லை என்று ஆகாது. பணம் தரும் தேதி குறிக்காமல் கேட்டுக்கொண்டதன்பேரில் செய்த வேலையின் கூலிக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். வீட்டுக்காரர் பக்கத்துக்கும் வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. கேட்காத வேலைக்குப் பணம் கேட்டாலோ, அதற்காகச் சாவியைத் தராமல் வைத்திருந்தாலோ அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இரண்டு தரப்பும் முதலில் தேடப்போவது அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அதற்கு வந்த பதிலையும்தான்.